பெற்றோருக்குப் போகும் குறிப்புகளைத் திருத்துவது: ஆசிரியர் பேசுவது போலவே இருக்க என்ன செய்ய வேண்டும்?

ரங்கூனில் கோடை விடுமுறை மாதங்களில் எங்கள் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது. வகுப்பு முடியும்போது ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அதன் ஆசிரியர் நாலைந்து வரி எழுதி, வைபரில் வீட்டுக்கு அனுப்புவார். ஆசிரியர்கள் நாலு பேர், பிள்ளைகள் முப்பதுக்கு மேல். அனுப்புவதற்கு முன் எல்லாக் குறிப்புகளையும் ஒருவர் வாங்கி, பிழை திருத்தி, திருப்பிக் கொடுப்பார். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பிழை போக வேண்டும், ஆனால் எழுதிய டீச்சர் டீச்சராகவே இருக்க வேண்டும். முப்பது குறிப்பும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை போல ஆகிவிடக் கூடாது.

இது இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆன பிறகு, பர்மாவில் தமிழை முறையாகப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் குறைவு. இன்றைய பெற்றோர் பலருக்கு வீட்டில் பேசித்தான் தமிழ் வந்தது; எழுத்து, கோயில் வகுப்பில் கொஞ்ச நாள் படித்ததோடு சரி. காதில் விழும் தமிழ் அவர்களுக்கு உடனே புரியும். ‘மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகும். போனில் வந்த குறிப்பை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, பாட்டியும் பிள்ளையும் கேட்கிற வீடுகளும் உண்டு. அங்கே அது எழுத்தாகப் போய்ச் சேருவதில்லை, பேச்சாகப் போய்ச் சேருகிறது.

முதலில் கட்டைப் பிரியுங்கள்

குறிப்புகள் பெரும்பாலும் பிள்ளைகளின் பெயர் வரிசையிலோ வகுப்பு வரிசையிலோ வந்து சேரும். அந்த வரிசையில் திருத்த ஆரம்பிக்காதீர்கள். முதல் குறிப்பு பெரிய டீச்சருடையது, இரண்டாவது கல்லூரியில் படிக்கும் தம்பியுடையது, மூன்றாவது மறுபடி பெரிய டீச்சருடையது என்று மாறி மாறி வந்தால், நாலாவது குறிப்புக்குள் உங்கள் காதில் யார் குரலும் நிற்காது. அப்போது கை தானாக உங்கள் சொந்த நடைக்குப் போகும். பத்தாவது குறிப்புக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே ஆரம்பம், ஒரே முடிவு வந்து உட்கார்ந்திருக்கும்.

எழுதியவர் வாரியாகப் பிரித்து வையுங்கள். ஒருவருடைய குறிப்புகளை எல்லாம் ஒன்றாக முடித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்தவருடையதை எடுங்கள். ஒரே உட்காரலில் எட்டு, பத்துக்கு மேல் போக வேண்டாம். களைத்த கண் பிழையை விட்டுவிடும் என்பதுகூட இரண்டாம் பட்சம்தான். களைத்த கை, நல்ல வரியையும் பழகிய வரியாக மாற்றிவிடும்.

இன்னொன்று, மூலத்தின் மேலேயே திருத்தாதீர்கள். கூகுள் டாக்ஸோ வேர்டோ, இரண்டு பத்தி உள்ள ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் ஆசிரியர் அனுப்பியது அப்படியே இருக்கட்டும், வலது பக்கம் நீங்கள் திருத்தியது. கடைசியில் சரிபார்க்க இது இல்லாமல் முடியாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை

திருத்துவதற்கு முன், ஓர் ஆசிரியரின் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு முறை சும்மா படித்துவிட்டு, நாலு விஷயங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரை எப்படிக் கூப்பிடுகிறார்: அக்கா, அண்ணே, தங்கச்சி, ஐயா, அல்லது எதுவுமே இல்லையா? பிள்ளையை என்ன சொல்கிறார்: பாப்பா, தம்பி, சின்னவன்? வினை எப்படி முடிகிறது: ‘சொல்லுங்க’வா, ‘சொல்லுங்கள்’ஆ? அடிக்கடி வரும் சொல் எது: ‘பாருங்க’, ‘கொஞ்சம்’, ‘பரவாயில்லை’ மாதிரி?

இதில் பெற்றோரைக் கூப்பிடும் முறையைத் திருத்துகிறவர் தொடவே கூடாது. அது எழுதியவருக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள உறவு. ஒரே தெருவில் இருபது வருஷம் பழகிய அம்மாவை ‘தங்கச்சி’ என்று எழுதியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அதை ‘மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு’ என்று மாற்றினால் இரண்டு கெடுதல். உறவு போய்விடுகிறது, அதோடு போனின் அறிவிப்பில் முதலில் தெரிவதும் அந்த வரிதான். முப்பது வீட்டிலும் அதே வரி தெரிந்தால், ‘ஏதோ பொது அறிவிப்பு, அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் விடுவார்கள்.

பர்மியச் சொற்களுக்கும் இதே முறைதான். பிள்ளைகள் டீச்சரை ‘சயாமா’ என்று கூப்பிடுகிறார்கள், டீச்சரும் ‘சயாமா சொன்னேன்னு சொல்லுங்க’ என்று எழுதுகிறார் என்றால், அதை ‘ஆசிரியை’ ஆக்க வேண்டியதில்லை. வீட்டில் புழங்காத சொல் எதையும் திருத்தம் என்ற பெயரில் உள்ளே கொண்டுவரக் கூடாது.

முதல் சுற்று: எழுத்துப் பிழை மட்டும்

இந்தச் சுற்றில் ஒரு சொல்லைக்கூட வேறு சொல்லாக மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எழுத்தை மட்டும் பாருங்கள்.

பேசித் தமிழ் கற்றவர்கள் எழுதும்போது பிழை வரும் இடம் பெரும்பாலும் தெரிந்த இடம்தான்: ர–ற, ல–ள–ழ, ன–ண. ‘படிக்கிரா’ என்றால் ‘படிக்கிறா’, ‘தடுமாருது’ என்றால் ‘தடுமாறுது’. பொருளே மாறிப்போகும் பிழைகள்மேல் கூடுதலாகக் கண் வையுங்கள். ‘மாலை வேலை வகுப்பு’ என்பது ‘மாலை வேளை வகுப்பு’ ஆக வேண்டும். ‘அரை’ பாதியைக் குறிக்கும், ‘அறை’ வீட்டில் இருப்பது. ‘வலி காட்டுங்க’ என்று இருந்தால், அது ‘வழி’யா, உண்மையிலேயே ‘வலி’யா என்று வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒற்று மிகுவது பற்றி ஒரு வார்த்தை. எழுத்து நடையில் உள்ள குறிப்பு என்றால் ஐ, கு உருபுகளுக்குப் பிறகு தயங்காமல் ஒற்றுப் போடுங்கள்: ‘பாடத்தைப் படித்தாள்’, ‘வகுப்புக்குப் போனாள்’. பேச்சு நடையில் உள்ள குறிப்பு என்றால் காதில் கேட்கிற இடத்தில் மட்டும் போட்டால் போதும்: ‘எழுதச் சொல்லுங்க’, ‘சொல்லிக் கொடுத்துடுவேன்’. ‘நல்லா படிக்கிறா’ என்பதில் ஒற்றைத் திணித்தால் பேசுகிறவர் நாக்கில் அது வராது.

இரண்டும் சரி என்று இருக்கும் இடங்களில் எழுதியவர் போட்டதையே விடுங்கள். வகுப்புக்கு–வகுப்பிற்கு, நாட்கள்–நாள்கள் போன்றவற்றில் உங்களுக்கு ஒரு கட்சி இருக்கலாம்; அதைக் காட்ட இது இடமில்லை. சேர்த்து எழுதுவதையும் தவிருங்கள். ‘வருகிறாளென்பதை’ இலக்கணப்படி சரிதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அப்பாவுக்கு ‘வருகிறாள் என்பதை’ பாதிச் சிரமம்.

இந்தச் சுற்றோடு பாதிக்கு மேற்பட்ட குறிப்புகளுக்கு வேலை முடிந்துவிடும். முடிந்ததா என்று பார்க்க ஒரே வழி, உரக்கப் படிப்பது. டீச்சர் நேரில் சொல்வது போல இருந்தால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாமே என்று கை போகிற இடத்தில்தான் குரல் கெடுகிறது.

ஒரு குறிப்பை முழுதாகப் பார்ப்போம்

வயதில் மூத்த டீச்சர் ஒருவர், ஆறு வயதுப் பெண் பிள்ளையின் அம்மாவுக்கு எழுதிய குறிப்பு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் திஞ்ஜான், பர்மியப் புத்தாண்டு விழா. கைக்கு வந்தது இப்படி:

> அக்கா வணக்கம். பாப்பா நல்லா படிக்கிரா. அ முதல் ஃ வரை எல்லாம் தெரியுது. க ங ச வரிசைல தான் கொஞ்சம் தடுமாருது. ழ இன்னும் வரல பளம்னு தான் சொல்லுது அப்படியே எழுதுது. வீட்ல தினம் ஒரு பக்கம் எழுத சொல்லுங்க அக்கா. திஞ்ஜானுக்கு அப்பறம் 5 நாள் வரல ஒடம்பு சரி இல்லையா. வந்தா விட்ட பாடத்த நானே சொல்லி கொடுத்துடுவேன் கவலை பட வேணாம்.

நன்றாகத் தமிழ் படித்த, நல்லெண்ணம் உள்ள ஒருவர் இதைத் திருத்தினால் பெரும்பாலும் இப்படி ஆகும்:

> மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் மகள் கல்வியில் நல்ல முன்னேற்றம் கண்டுள்ளார். உயிரெழுத்துகளை நன்கு பயின்றுள்ளார். எனினும் உயிர்மெய் எழுத்துகளில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ழகர உச்சரிப்பில் குறைபாடு காணப்படுகிறது. இல்லத்தில் தினமும் ஒரு பக்கம் எழுதும் பயிற்சியை மேற்கொள்ளச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். மேலும், விடுமுறைக்குப் பின் ஐந்து நாட்கள் வருகை தரவில்லை. விடுபட்ட பாடங்கள் ஈடுசெய்யப்படும்.

ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள்.

‘பளம்’ போய்விட்டது. அம்மாவுக்கு உண்மையில் உதவக்கூடிய ஒரே தகவல் அதுதான். அதைப் படித்தால், அடுத்த முறை வாழைப்பழம் கொடுக்கும்போது வீட்டிலேயே ‘பழம்’ என்று சொல்லிக் காட்டத் தோன்றும். ‘ழகர உச்சரிப்பில் குறைபாடு காணப்படுகிறது’ என்பதைப் படித்தால் பிள்ளையின் நாக்கில் ஏதோ கோளாறு என்று பயப்படத்தான் தோன்றும்.

‘கொஞ்சம்’ போய்விட்டது. திருத்துகிறவர் கண்ணுக்கு இது தேவையில்லாத சொல். ஆனால் ‘கொஞ்சம் தடுமாறுது’ என்று சொல்லும்போது, சீக்கிரம் சரியாகிவிடும் என்ற ஆறுதலும் அதில் இருக்கிறது. ‘கூடுதல் கவனம் தேவைப்படுகிறது’ என்பது குறை சொல்வது. ‘தான்’ போனதும் இப்படித்தான். ‘க ங ச வரிசையிலதான்’ என்றால் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி போய்விட்டது. இதுதான் பெரிய இழப்பு. டீச்சர் ‘உடம்பு சரியில்லையா’ என்று அக்கறையாகக் கேட்டார். திருத்திய பிறகு அது வருகைப் பதிவேட்டின் கணக்காகிவிட்டது. ‘ஐந்து நாட்கள் வருகை தரவில்லை’ என்று படிக்கும் அம்மாவுக்குக் குற்றம் சாட்டுவது போல இருக்கும். பதில் எழுதத் தோன்றாது.

‘நானே சொல்லிக் கொடுத்துடுவேன்’ என்று ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டது, ‘ஈடுசெய்யப்படும்’ என்று ஆனபோது, யார் செய்வார், எப்போது செய்வார் என்பதே இல்லாமல் போனது.

கடைசியாக, ஆறு வயதுப் பிள்ளையை ‘கண்டுள்ளார்’, ‘பயின்றுள்ளார்’ என்று ‘ர்’ போட்டு எழுதியிருக்கிறது. மரியாதை என்று நினைத்துச் செய்தது. ஆனால் பெற்ற தாயிடம் சின்னப் பிள்ளையைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை.

சரி, எப்படித் திருத்தியிருக்க வேண்டும்?

> அக்கா, வணக்கம். பாப்பா நல்லா படிக்கிறா. அ முதல் ஃ வரை எல்லாம் தெரியுது. க, ங, ச வரிசையிலதான் கொஞ்சம் தடுமாறுது. ழ இன்னும் வரல. ‘பளம்’னுதான் சொல்லுது, அப்படியே எழுதுது. வீட்ல தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க அக்கா. திஞ்ஜானுக்கு அப்புறம் 5 நாள் வரல. உடம்பு சரியில்லையா? வந்தா, விட்ட பாடத்தை நானே சொல்லிக் கொடுத்துடுவேன். கவலைப்பட வேணாம்.

மாற்றியது இவ்வளவுதான்: இரண்டு ‘ற’, இரண்டு ஒற்று, காற்புள்ளிகள், ‘பளம்’ என்பதற்கு மேற்கோள்குறி, ஒரு கேள்விக்குறி, வாக்கியம் முடியும் இடத்தில் புள்ளி, பிரிந்து கிடந்த ‘தான்’, ‘கவலைப்பட’, ‘சரியில்லையா’ ஆகியவற்றைச் சேர்த்தது, பிறகு ‘வரிசைல’, ‘அப்பறம்’, ‘ஒடம்பு’, ‘பாடத்த’ ஆகியவற்றை எல்லோரும் சட்டென்று படிக்கும்படி மாற்றியது. கேள்விக்குறி ஒன்றே இந்தக் குறிப்பில் பாதி வேலையைச் செய்கிறது. அது இல்லாதபோது அக்கறையும் குறையும் ஒரே வரியில் கலந்து கிடந்தன.

‘பாப்பா படிக்கிறா’ என்று ஆரம்பித்து ‘தடுமாறுது, சொல்லுது’ என்று போவதைப் பார்த்து ஒருமைப்படுத்தக் கை துடிக்கும். வேண்டாம். சின்னப் பிள்ளையைச் செல்லமாகச் சொல்லும்போது நம் வீடுகளில் இரண்டும் கலந்துதான் வரும். படிக்கும் அம்மா அதைப் பிழையாகப் பார்க்க மாட்டார். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிய குறிப்பில் இது வந்தால் மட்டும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ‘தடுமாறுறா’ என்று மாற்றலாம். அந்த வயதுப் பிள்ளை தானே அதைப் படிக்கும், அதற்கு வருத்தமாக இருக்கும்.

விறைப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது

மேலே பார்த்த குறிப்பில் விறைப்பைக் கொண்டுவந்தவை இரண்டு மூன்று பழக்கங்கள்தான். அவற்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம்.

முதல் பழக்கம், வினையைப் பெயராக்கி, பின்னால் ஒரு வெற்று வினையைச் சேர்ப்பது. ‘முன்னேறியிருக்கிறாள்’ என்பது ‘முன்னேற்றம் கண்டுள்ளாள்’ ஆகிறது. ‘எழுதிப் பழகணும்’ என்பது ‘எழுத்துப் பயிற்சி மேற்கொள்ள வேண்டும்’ ஆகிறது. ‘வந்தான்’ என்ற ஒரு சொல் ‘வருகை புரிந்தான்’ ஆகிறது. சரிசெய்யும் வழி சுலபம். வாக்கியத்தில் உண்மையில் நடக்கும் வேலை என்ன என்று கேளுங்கள். எழுதுவதா, படிப்பதா, வருவதா? அதையே வினையாக வையுங்கள். மேற்கொள்ளுதல், காணுதல், செலுத்துதல், புரிதல் எல்லாம் தானாக உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, செய்கிறவரை மறைப்பது. ‘படும்’, ‘படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களில் யார் செய்கிறார் என்பது தெரியாது. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதில் ‘நான்’ என்று எழுதியவர் ‘நாங்கள்’ ஆகிவிடுகிறார். எழுதியவர் ‘நான்’ என்று எழுதியிருந்தால் கடைசிவரை ‘நான்’ ஆகவே இருக்கட்டும்.

மூன்றாவது, கட்டளையின் படியை உயர்த்துவது. ‘அனுப்புங்க’, ‘அனுப்புங்கள்’, ‘அனுப்பவும்’, ‘அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று தமிழில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகலாம். எழுதியவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அங்கேயே விடுங்கள். ஒரு குறிப்புக்குள் இரண்டு படி கலந்திருந்தால் மட்டும், அதிகமாக வந்திருக்கும் படிக்கு மற்றதைக் கொண்டுவாருங்கள். ‘நீங்க வந்தீங்கன்னா நாங்கள் பெரிதும் மகிழ்வோம்’ என்பது போல முதல் பாதி வாசலிலும் மறுபாதி மேடையிலும் நிற்கும் வாக்கியங்களுக்குத்தான் இந்தத் திருத்தம் தேவை. ‘அனுப்பவும்’ என்பது மரியாதையான வடிவம் என்று நினைத்துப் பலர் போடுகிறார்கள். தனி ஆளுக்கு எழுதும்போது அது ‘அனுப்புங்க’வைவிடக் கறாராகத்தான் காதில் விழும்.

எழுதியவர் எளிமையான எழுத்து நடையில், ‘சொல்லுங்கள்’, ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தால் அதைப் பேச்சு நடைக்கு இறக்குவதும் தவறுதான். சிலர் அப்படித்தான் இயல்பாக எழுதுவார்கள். ‘பாப்பா நன்றாகப் படிக்கிறாள். ழ மட்டும் இன்னும் வரவில்லை’ என்பதில் எந்த விறைப்பும் இல்லை.

குறிப்பு வரும்போதே விறைப்பாக இருந்தால்

எங்கள் வகுப்பில் ஓர் இளம் ஆசிரியர் இருக்கிறார். நன்றாகப் பாடம் நடத்துவார், பிள்ளைகள் அவரைச் சுற்றியே இருப்பார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் பாடப் புத்தகம் வந்துவிடும்: ‘மாணவன் வகுப்பில் சிறப்பாகச் செயல்படுகிறான். வாசிப்புத் திறனை மேம்படுத்த வேண்டும்.’ எழுத்துத் தமிழைப் புத்தகத்திலிருந்து மட்டுமே கற்றவர்களிடம் இது சகஜம்.

இதை உட்கார்ந்த இடத்தில் உங்கள் கற்பனையால் இளக்கக் கூடாது. ‘செல்லப் பையன்’, ‘தங்கமான பிள்ளை’ என்று நீங்கள் சேர்த்தால் அது அவர் சொன்னது ஆகாது. அடுத்த முறை நேரில் பார்க்கும்போது அப்பா அதையே சொல்லிச் சிரித்தால் அவருக்குத் தர்மசங்கடம். போன் போடுங்கள். ‘அந்தப் பையனோட அப்பா இப்ப கோயில் வாசல்ல நிக்கிறார், என்ன சொல்வீங்க?’ என்று கேளுங்கள். அந்த ஆசிரியரிடம் இப்படிக் கேட்டபோது வந்த பதில்: ‘நல்லா படிக்கிறான் ஐயா. ஆனா வாசிக்கச் சொன்னா அவசரப்படுறான், கடைசி எழுத்தை முழுங்கிடுறான். விரல் வச்சு வாசிக்கச் சொல்லுங்க, நின்னு வரும்.’

அதை அப்படியே எழுதிக்கொண்டால் போதும். ‘வாசிப்புத் திறனை மேம்படுத்த வேண்டும்’ என்ற வரிக்குள் இத்தனை விவரம் ஒளிந்திருந்தது. அவர் எழுத்து நடையைத்தான் விரும்புகிறார் என்றால் வினைமுடிவுகளை மட்டும் மாற்றுங்கள்: ‘வாசிக்கச் சொன்னால் அவசரப்படுகிறான், கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறான். விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.’ இப்போதும் அவர்தான் பேசுகிறார். எல்லாக் குறிப்புக்கும் இப்படிப் போன் போட நேரம் இருக்காது. ஒருவருக்கு இரண்டு மூன்று குறிப்பைப் பேசி எடுத்தால் போதும். அவர் எப்படிச் சொல்வார் என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும், மீதியை அவரையே அந்த மாதிரி மாற்றித் தரச் சொல்லலாம்.

தேடிப் பிடிப்பது

எல்லாம் முடிந்த பிறகு, அட்டவணையின் இடது பத்தியை ஒரு கோப்பாகவும் வலது பத்தியை இன்னொரு கோப்பாகவும் எடுத்து, இரண்டிலும் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எத்தனை இடத்தில் வருகிறது என்பதைத் தேடல் பெட்டியே காட்டிவிடும்.

```
ள்ளது
ள்ளார்
ள்ளாள்
படுகிற
படும்
மேற்கொ
கேட்டுக்கொள்
 தங்கள்
எனினும்
மேலும்
```

‘உள்ளது’ என்று முழுதாகத் தேடினால் ‘முடிந்துள்ளது’ சிக்காது. முன்னால் உள்ள எழுத்தோடு ‘உ’ சேர்ந்து ‘து’ ஆகிவிடுவதால்தான் ‘ள்ளது’ என்று வாலை மட்டும் தேடுகிறோம். ‘தங்கள்’ என்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருப்பதையும் கவனியுங்கள். இல்லாவிட்டால் ‘மாதங்கள்’ எல்லாம் வந்து நிற்கும்.

எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். மூலத்தில் இரண்டு இடத்தில் இருந்த ‘ள்ளது’ திருத்திய பிறகு இருபது இடத்தில் இருந்தால், பதினெட்டு நீங்கள் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றாகப் போய் மூலத்தைப் பார்த்து, ஆசிரியர் எழுதியதையே திரும்ப வையுங்கள். தேடலில் சிக்குவதெல்லாம் குற்றம் இல்லை. ‘கஷ்டப்படுகிறான்’, ‘ஆசைப்படுகிறாள்’ எல்லாம் ‘படுகிற’வில் மாட்டும், அவை நல்ல தமிழ்தான். ‘வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்பதும் அப்படியே. விறைப்பை எடுக்கிறேன் என்று இவற்றையும் வெட்டிவிடாதீர்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு முறை தேடுங்கள்: ‘கொஞ்சம்’, ‘தான்’, ‘பாருங்க’, கேள்விக்குறி. இவை மூலத்தைவிடக் குறைந்திருந்தால் எங்கே போயின என்று பாருங்கள். கேள்விக்குறி மட்டும் கூடியிருக்கலாம், குறைந்திருக்கக் கூடாது.

கறாராகவே இருக்க வேண்டியவை

வகுப்புக் கட்டணம், மறுபடி வகுப்பு தொடங்கும் தேதி, கொண்டுவர வேண்டிய பொருள்கள் ஆகியவற்றை ஆசிரியரின் குறிப்புக்குள் கலக்காதீர்கள். அவை எல்லோருக்கும் ஒன்றே, நிர்வாகத்தின் பெயரில் தனி அறிவிப்பாகப் போகட்டும். அங்கே ‘முடிந்தால்’, ‘கொஞ்சம்’ எல்லாம் வேண்டாம். ‘20ஆம் தேதிக்குள் கட்டவும்’ என்பது அறிவிப்பில் சரியான நடைதான்.

வீட்டில் துக்கம் நடந்த பிள்ளையின் குறிப்பைக் கட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அந்த வீட்டுக்கு ஆசிரியர் நேரில் போவார், அல்லது போன் செய்வார். படிப்பைப் பற்றிய குறிப்பு அப்புறம் போகலாம்.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

திருத்திய குறிப்புகளிலிருந்து பத்தை எடுத்து, பெயர், கூப்பிடும் முறை எல்லாம் நீக்கிவிட்டு, கலைத்து ஆசிரியர்களிடம் காட்டுங்கள். தம்முடையது எது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சட்டென்று எடுத்துவிட்டால் சரி. ஒருவர் தம்முடையதை எடுக்கத் தடுமாறினால் அவருடைய குறிப்புகள் எல்லாவற்றையும் மூலத்தோடு இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: ‘இதில் நீங்கள் வாயால் சொல்லாத வரி எது?’ ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

குறிப்பை ஆசிரியர் தம் போனிலிருந்தே அனுப்பட்டும், வகுப்பின் பொது எண்ணிலிருந்து வேண்டாம். பொது எண்ணிலிருந்து ‘அக்கா, பாப்பா நல்லா படிக்கிறா’ என்று வந்தால் யார் சொல்கிறார் என்றே தெரியாது. பதிலுக்கும் ஆசிரியரே பதில் எழுத வேண்டும், அதைத் திருத்தக் கொடுக்கத் தேவையில்லை.

வந்த பதில்களை ஒரு வாரம் கழித்து ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். கைகூப்பும் படம் மட்டும் வந்திருந்தால் பெற்றோர் அதை அறிவிப்பாகத்தான் படித்திருக்கிறார்கள். ‘ஆமா டீச்சர், காய்ச்சல், மாமியார் வீட்ல இருந்தோம்’ என்பது போலப் பதில் வந்திருந்தால், குறிப்பில் இருந்த கேள்வியை அவர்கள் கேள்வியாகவே கேட்டிருக்கிறார்கள். யாருக்குப் படம் மட்டுமே அதிகம் வந்ததோ அவருடைய அட்டையில் அதைக் குறித்து வையுங்கள். அடுத்த கோடையில் முதலில் போன் போட வேண்டியது அவருக்குத்தான்.